தையல் ஏன் சுருங்குகிறது, ஏன் விடுகிறது: வட்ஸ்அப்பில் வந்த ஒரு துணித் துண்டின் கதை

கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து என் பெரியம்மாவின் மகள் ஒரு இரவு பத்து மணிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். வெள்ளைப் பாடசாலைக் கவுன் ஒன்றின் பக்கத் தையல். தையல் போன வழியெங்கும் துணி சின்னச் சின்ன அலைகளாகச் சுருங்கியிருந்தது. படத்துக்குக் கீழே குரல் பதிவு: "தம்பி, பதினாலு சட்டை திருப்பித் தந்திட்டாங்கள். சுருக்கெண்டு சொல்லுறாங்கள். இடைக்கிடை தையலும் விடுது. மெசின் பிழைச்சுப் போச்சோ தெரியேல்லை. உனக்குக் கண்டியில ஆரும் மெசின்காரரைத் தெரியுமோ?"

அக்காவின் பழைய மெசின் 2009இல் புதுக்குடியிருப்போடு போய்விட்டது. இப்போது வைத்திருப்பது மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வாழ்வாதார உதவியாகக் கிடைத்த, காலால் மிதிக்கும் கறுப்புத் தலை மெசின். வீட்டில் உழைப்பவர் அவர் ஒருவர்தான். புதிய தவணைக்கு முன்பு வரும் பாடசாலைச் சீருடை ஓடர்தான் அவருக்கு ஆண்டின் பெரிய வருமானம். பதினான்கு கவுன் திரும்பி வந்தால் கூலி மட்டும் போகாது, துணியின் விலையும் அவர் தலையில் விழும்.

எனக்குத் தையல் தெரியாது. ஆனால் ஒருவரைத் தெரியும். கண்டி நகருக்கு வெளியே பல்லேகலைக் கைத்தொழில் பேட்டையில் ஆடைத் தொழிற்சாலைகள் உண்டு. அங்கே ஒன்றில் பல வருடம் லைன் மெக்கானிக்காக இருந்துவிட்டு, இப்போது கட்டுகஸ்தோட்டையில் சிறிய அறையொன்றில் தையல் மெசின் திருத்தும் அண்ணன் அவர். தொழிலாளர்களின் சம்பளம் பற்றி முன்பு எழுதியபோது பழக்கமானவர். மறுநாள் காலை கைத்தொலைபேசியை அவரிடம் நீட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். திருப்பித் தந்தார்.

"இந்த போட்டோவ வச்சி ஒன்னும் சொல்ல ஏலாது தம்பி. வெள்ளத் துணி, வெள்ள நூல். எது மேல் நூல், எது கீழ் நூல்னு எப்படிப் பார்க்கிறது?"

தைத்து முடித்த உடுப்பின் படம் வேண்டாம் என்றார். அதே துணியின் வெட்டுத் துண்டுகளில் ஒரு மாதிரி தைத்து, அதைப் படமெடுக்கச் சொன்னார். அதற்கு அவர் சொன்ன முறையை அப்படியே தருகிறேன். வீட்டில் மெசின் வைத்திருந்து, கிட்டத்தில் திருத்துநர் இல்லாதவர்களுக்கு இது பயன்படும்.

துணியின் நீளவாக்கில், அதாவது ஓரக்கரை போகும் திசையில், முப்பது சென்ரிமீற்றர் நீளமான இரண்டு துண்டுகளை ஒரே அளவாக வெட்ட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நடுவே நேராகத் தைக்க வேண்டும். மேலே சிவப்பு நூல், பொபினில் நீல நூல். இரண்டும் ஒரே வகை, ஒரே தடிப்பு. தைத்த பிறகு அயன் பண்ணக்கூடாது, கையால் இழுத்து நேராக்கவும் கூடாது. மேசையில் விரித்து, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மேல்பக்கம் ஒரு படம், புரட்டிப் போட்டுக் கீழ்ப்பக்கம் ஒரு படம். நேர் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் சுருக்கம் மறைந்துவிடும். பக்கத்து வெளிச்சத்தில்தான் ஒவ்வொரு அலைக்கும் நிழல் விழும். நாணயம் எதற்கென்றால், ஒரு தையலின் நீளத்தை அதோடு ஒப்பிட்டு அறிவதற்கு.

அன்று பின்னேரமே அக்கா அனுப்பிவிட்டார்.

மேல்பக்கப் படத்தில் சிவப்பு நூல் கட்டிய கொடிக்கயிறு மாதிரி நேராகக் கிடந்தது. ஒவ்வொரு ஊசித் துளையிலும் நீலம் ஒரு புள்ளியாக எட்டிப் பார்த்தது. கீழ்ப்பக்கத்தில் நீலத் தையல் ஒழுங்காகவே இருந்தது, சிவப்பு தெரியவில்லை.

தையல் என்பது மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொளுவிக்கொள்வது. அந்தக் கொளுக்கி இரண்டு துணிகளுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்க வேண்டும். எந்த நூலை மெசின் கூடுதலாக இறுக்கிப் பிடிக்கிறதோ, அந்த நூல் கொளுக்கியைத் தன் பக்கம் இழுத்துவிடும். மேல்பக்கத்தில் கீழ் நூலின் நிறம் தெரிந்தால் மேல் இழுவை கூட, அல்லது கீழ் இழுவை குறைய. கீழ்ப்பக்கத்தில் மேல் நூல் தெரிந்தால் நேர்மாறு. அக்காவின் மாதிரியில் மேல் நூல் வென்றிருந்தது. அப்படி இறுக்கிய நூல் தைத்து முடிந்ததும் தன் பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும். துணி அதற்கு இடம் கொடுத்துக் குறுகும். அதுதான் நாம் காணும் சுருக்கம்.

"ஆனா சுருக்கு எல்லாமே டென்ஷனால வர்றதில்ல. அத நிரூபிக்கணும்" என்றார் அண்ணன். நிரூபிக்கும் வழி ஒரு பிளேட். மாதிரியின் ஒரு பாதியில் மட்டும், இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒரு தடவை சிவப்பு நூலைத் துணியில் படாமல் வெட்ட வேண்டும். மற்றப் பாதியை அப்படியே விட வேண்டும். பிறகு முழுத் துண்டையும் ஒரே படமாக எடுக்க வேண்டும்.

அந்தப் படம் எனக்கே புரிந்தது. வெட்டிய பாதியில் அலைகள் பெரும்பாலும் படுத்துவிட்டன. வெட்டாத பாதி அப்படியே சுருங்கிக் கிடந்தது. நூலை அறுத்ததும் துணி விரிகிறதென்றால், அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது நூல்தான். சில வேளை மேலேயும் கீழேயும் புள்ளி ஒன்றும் தெரியாமல் தையல் அழகாக இருக்கும், ஆனாலும் சுருங்கும். அப்போதும் நூலை வெட்டிப் பார்த்து விரிந்தால், இரண்டு நூலும் சம பலத்தோடு, ஆனால் இரண்டும் அளவுக்கு மேல் இறுக்கமாக இருக்கின்றன என்று பொருள். அப்படியானால் இரண்டையும் தளர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் தளர்த்தினால் சமநிலை கெட்டுப் போகும்.

தையல் விடும் விஷயத்துக்கு வருகிறேன். அதே மாதிரியில் மூன்று இடங்களில் தையல் வழமையைவிட இரு மடங்கு நீளமாக இருந்தது. நான் அதையும் இழுவையோடு சேர்த்துவிட்டேன். அண்ணன் தலையாட்டினார். படத்தை இன்னும் பெரிதாக்கி, அந்த நீளத் தையலின் நடுவே விரலை வைத்தார். அங்கே ஒரு துளை. நூல் இல்லாத வெறும் துளை.

ஊசி அந்த இடத்தில் இறங்கி ஏறியிருக்கிறது, ஆனால் தையல் விழவில்லை. துளையே இல்லாமல் தையல் நீண்டிருந்தால், துணியைத் தள்ளும் பல்லு ஒரு இடத்தில் கூடத் தள்ளியிருக்கும், அல்லது தைப்பவர் கையால் இழுத்திருப்பார். அது வேறு கோளாறு. வெறும் துளை இருந்தால் ஊசியையும் கொக்கியையும்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஊசி அடிமட்டம் வரை இறங்கி, மறுபடி மேலே வரத் தொடங்கும். இரண்டு, இரண்டரை மில்லிமீற்றர் ஏறும்போது, துணிக்குள் உரசிப் பிடிபட்ட நூல் ஊசியோடு சேர்ந்து ஏற முடியாமல் பக்கத்தில் ஒரு சின்ன வளையமாகப் புடைக்கும். கீழே சுழலும் கொக்கியின் முனை அந்தக் கணத்தில் அந்த வளையத்துக்குள் புகுந்து, அதை எடுத்துப் பொபினைச் சுற்றிக் கொண்டுபோகும். ஒரு தையல் விழுவது அப்படித்தான். வளையம் உருவாகாவிட்டாலோ, சின்னதாக உருவானாலோ, கொக்கி போகும் பாதையை விட்டு விலகி உருவானாலோ, கொக்கி வெறுங்கையோடு சுற்றிவிட்டுப் போகும். இவ்வளவும் ஒரு நொடியில் பல தடவை நடக்கிறது. ஊசி ஒரு மயிரிழை வளைந்திருந்தாலும் குழம்பிவிடும்.

"அக்காகிட்ட ஊசியக் கழட்டி போட்டோ எடுக்கச் சொல்லுங்க. பக்கட்டையும் சேர்த்து."

ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. ஊசியின் தலைப்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். அந்தத் தட்டைப் பக்கத்தை ஒரு கண்ணாடித் துண்டில் வைத்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். ஊசிக்கும் கண்ணாடிக்கும் இடையிலான இடைவெளி முனைவரை ஒரே அளவாக இருந்தால் ஊசி நேர். முனையை விரல் நகத்தில் மெல்ல இழுத்தால் கீறல் விழக்கூடாது. விழுந்தால் முனை மடிந்துவிட்டது. நான் இதைச் சொன்னதும் அக்கா மறுமுனையில் கொஞ்சம் மௌனமாக இருந்தார். "தம்பி, இதில தட்டை எண்டு ஒண்டும் இல்லையே. முழுக்க உருளையா இருக்கு."

அங்கேதான் விஷயம் வெளித்தது. அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது நம்ம ஃபெக்டரி ஊசி."

பக்கட்டில் ஆங்கில எழுத்தில் டீ.பீ. × 1, 14 என்று இருந்தது. தொழிற்சாலைகளில் மின்சாரத்தில் ஓடும் நேர்த்தையல் மெசின்களுக்கான ஊசி அது. தலை முழுவதும் உருளை, வீட்டு ஊசியின் தலையைவிடக் கொஞ்சம் மெலிவு. வீட்டு மெசினுக்கு வேண்டியது எச்.ஏ. × 1 என்று குறிக்கப்படும் வகை. சில பக்கட்டுகளில் அதையே 130/705 என்றும் 15 × 1 என்றும் எழுதியிருப்பார்கள். மூன்றும் ஒன்றுதான். அதன் தலையில் ஒரு பக்கம் தட்டை. அந்தத் தட்டை ஊசியை ஒரே திசையில் மட்டும் பொருத்த விடும், திரும்ப விடாது. உருளை ஊசியை வீட்டு மெசினில் எப்படியும் திருப்பி மாட்டலாம். மெலிவாக இருப்பதால் பிடிக்குள் கொஞ்சம் விலகியும் நிற்கும். வளையம் உருவாகும் பக்கம் கொக்கியை நேராகப் பார்க்காமல் சற்று அப்பால் திரும்பிவிட்டால், பத்துத் தையலில் ஒன்பது விழும், ஒன்று விடும். முழுக்கத் தைக்காமல் நின்றிருந்தால் அக்கா உடனே ஊசியைச் சந்தேகித்திருப்பார். பெரும்பாலும் தைத்ததால்தான் யாரும் ஊசியைப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கட் எப்படி வந்தது என்றால், ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் அயல்வீட்டுப் பிள்ளை ஒன்று அன்பாகக் கொடுத்தது. வாழ்வாதார மெசினோடு வந்த ஊசிகள் முடிந்த பிறகு இதைத்தான் போட்டுத் தைத்திருக்கிறார். பயிற்சியில் அக்காவுக்கு வெட்டவும் தைக்கவும் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஊசியில் குலவகை உண்டென்று சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கும் நாற்பதை நெருங்கும் வயதில்தான் தெரியவந்தது.

அடுத்தது நம்பர். 14 என்றால் மற்றக் கணக்கில் 90, அதாவது ஊசித் தண்டின் விட்டம் 0.9 மில்லிமீற்றர். 11 என்றால் 75, 16 என்றால் 100. பொலியெஸ்டர் கலந்த மெல்லிய, நெருக்கமாக நெய்த சீருடைத் துணிக்கு 14 தடிப்பு. 11 போதும். தடித்த ஊசி துணியின் இழைகளை விலக்கித்தான் துளை போட வேண்டும். நெருக்கமான நெசவில் விலகிய இழைக்குப் போக இடம் இல்லாததால், அது பக்கத்து இழைகளைத் தள்ளி, துணியை அந்தக் கோட்டில் நீட்டிவிடும். அதுவும் சுருக்கமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். தடித்த நூலும் இதையே செய்யும். அதற்காக ஊசியை மட்டும் மெலிதாக்கி நூலைத் தடிப்பாக வைத்தால் நூல் ஊசியின் நீளப் பள்ளத்தில் அடங்காது, வளையம் ஒழுங்காக உருவாகாது, தையல் மறுபடி விடும். இரண்டும் பொருந்துகின்றனவா என்று அறிய, முழ நீள நூலை ஊசிக் காதில் கோத்து, நூலைச் சரிவாக இழுத்துப் பிடித்து ஊசியை மேல் முனையில் விட வேண்டும். தானாக வழுக்கி இறங்கினால் பொருத்தம். நடுவில் நின்றால் அந்த நூலுக்கு அந்த ஊசி சிறிது.

அக்கா மறுநாள் கிளிநொச்சி நகரத்தில் எச்.ஏ. × 1 பதினோராம் நம்பர் பக்கட் ஒன்று வாங்கினார். அதை மாட்டுவதற்கு அண்ணன் சொன்ன விதி ஒன்றே ஒன்று. நூல் எந்தப் பக்கமிருந்து ஊசிக் காதுக்குள் போகிறதோ, அந்தப் பக்கம் ஊசியின் நீளப் பள்ளம் இருக்க வேண்டும், தட்டை அதற்கு எதிர்ப்பக்கம். ஊசியை முட்டும் வரை மேலே தள்ளி, பிறகுதான் திருகை இறுக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் கீழே நின்றாலும் வளையமும் கொக்கியும் சந்திக்கும் இடம் மாறிவிடும்.

புது ஊசியோடு, இழுவையில் கை வைக்காமல், ஒரு மாதிரி. அண்ணன் இதில் கண்டிப்பாக இருந்தார். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது திருத்தியது என்று தெரியாது. படம் வந்தது. விட்ட தையல் ஒன்றுகூட இல்லை. நீலப் புள்ளிகளும் சுருக்கமும் அப்படியே. ஆக, தையல் விட்டது ஊசியால். சுருக்கத்தின் பெரும்பங்கு இழுவையால். ஒரே மாதிரியில் இரண்டு நோய்.

மேல் இழுவை ஏன் அவ்வளவு கூடிப் போனது? அக்காவைக் கேட்டபோது கதை வந்தது. சில மாதங்களுக்கு முன்பு கீழ்ப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கியதாம். "கீழ தொங்கினதால கீழ்ப் பிழையெண்டு நினைச்சு பொபின் பெட்டியத்தான் முதல்ல பார்த்தன். பிறகு மேல் திருகை இறுக்கினன். நிண்டுது. பிறகும் வந்துது, பிறகும் இறுக்கினன்."

கீழே நூல் தொங்கினால் கோளாறு பெரும்பாலும் மேலேதான். மேல் நூல் இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே போகிறது. அந்தத் தகடுகள் நெருக்குவதுதான் இழுவை. துணியை அமுக்கும் பாதம் கீழே இறங்கியிருந்தால் தகடுகள் மூடியிருக்கும், பாதத்தைத் தூக்கினால் திறக்கும். பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் நூல் தகடுகளுக்குள் இறங்காமல் விளிம்பில் மேலோட்டமாக நிற்கும். பிடிப்பே இல்லாத நூல் கீழே போய்க் கூடு கட்டும். அக்கா சில நாள் பாதத்தைத் தூக்கிவிட்டுக் கோத்திருக்கிறார், சில நாள் இறக்கியபடி. நூல் உள்ளே உட்காராத நாளில் திருகை இறுக்கியிருக்கிறார். உட்கார்ந்த நாளில் அந்த இறுக்கம் முழுவதும் துணிமேல் விழுந்திருக்கிறது. சீருடை தைத்த கிழமையில் நூல் சரியாக உட்கார்ந்திருந்தது. சரியாகக் கோத்ததற்குத் தண்டனை மாதிரி!

பாதத்தைத் தூக்கிக் கோத்து, நூலைக் கையால் இழுத்தால் இலகுவாக வர வேண்டும். பாதத்தை இறக்கிவிட்டு இழுத்தால் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் நூல் தகடுக்குள் இல்லை.

திருத்தத்தைக் கீழிருந்து தொடங்கினோம். பொபின் பெட்டியைக் கழற்றி, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். தானாகச் சரசரவென்று இறங்கினால் கீழ் இழுவை குறைவு. கையை மெல்ல உதறும்போது இரண்டு மூன்று விரலளவு இறங்கி நின்றால் சரி. உதறியும் அசையாவிட்டால் இறுக்கம், அல்லது பெட்டியின் தகட்டுக்கு அடியில் நூல் தூசு சிக்கியிருக்கிறது. பெட்டியின் சின்னத் திருகில் கை வைக்குமுன் அந்தத் தூசைத் துடைத்துப் பார்க்கச் சொன்னார் அண்ணன். அக்காவின் பெட்டியில் உண்மையிலேயே ஒரு பஞ்சுத் துணுக்கு இருந்தது. எடுத்ததும் ஒழுங்காக இறங்கியது. திருகை அசைக்கத் தேவைப்படவில்லை.

பிறகு மேல் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தி ஒரு மாதிரி, படம். இன்னொரு அரைச் சுற்று, படம். மூன்றாவது தடவை நீலப் புள்ளிகள் மறைந்தன. நான்காவதில் கீழ்ப்பக்கம் சிவப்புத் தலைகாட்டியது. கால் சுற்று திரும்பி வந்தோம். அந்த இடத்தில் திருகின் மேல் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். பிறகு யார் திருகினாலும் திரும்பி வர ஒரு அடையாளம்.

சுருக்கம் முக்கால்வாசி போய்விட்டது. நான் வேலை முடிந்தது என்று நினைத்தேன். "நாளைக் காலைல இன்னொரு தரம் போட்டோ எடுக்கச் சொல்லுங்க" என்றார். பொலியெஸ்டர் நூல் இழுபடும். தைக்கும்போது மட்டுமல்ல, பொபினில் வேகமாகவும் இறுக்கமாகவும் சுற்றும்போதும் நீண்டுவிடும். தைத்தவுடன் தட்டையாகத் தெரியும் தையல், இரவோடிரவாக நூல் பழைய நீளத்துக்குத் திரும்பியதும் காலையில் சுருங்கியிருக்கும். "ராத்திரி மடிச்சு வைக்கேக்க நல்லாத்தான் இருந்தது" என்று அக்கா முன்பு சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொபினை நிதானமாக மிதித்துச் சுற்றினால் இது பெருமளவு குறையும்.

காலைப் படத்தில் இன்னும் மெல்லிய அலை இருந்தது. மறுபடி பிளேட். இந்த முறை நூலை வெட்டியும் அது முழுதாக விரியவில்லை. எனவே மீதி நூலின் குற்றமல்ல. தையலை முழுக்கப் பிரித்து இரண்டு துண்டுகளையும் அளந்தபோது, தொடக்கத்தில் ஒரு முனையில் சேர்த்து வைத்த துண்டுகளில் மேல்துணி மறுமுனையில் நாலு மில்லிமீற்றர் மிஞ்சி நின்றிருந்தது. கீழ்த்துணியைப் பல்லுத் தள்ளுகிறது. மேல்துணியைப் பாதம் அமுக்கிப் பின்னே பிடிக்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் போகாததால் கீழ்த்துணி கூடத் தள்ளப்பட்டுச் சுருங்குகிறது. பாதத்தின் அமுக்கத்தை மேலேயுள்ள திருகில் கொஞ்சம் தளர்த்தி, தைக்கும்போது முன்னாலும் பின்னாலும் துணியை மெதுவாக விறைப்பாகப் பிடிக்கச் சொன்னார். பிடிப்பது வேறு, இழுப்பது வேறு. பின்னால் இழுத்தால் ஊசி வளையும். வளைந்தால் தையல் விடும். அதாவது சுருக்கத்தைத் திருத்தப்போய் மற்ற நோயை வரவழைக்கலாம்.

அதற்கும் பிறகு எஞ்சியது, நெருக்கமான நெசவுக்குள் நூல் புகுந்ததால் வரும் அலை. தையல் நீளத்தை ஒன்றரை மில்லிமீற்றரிலிருந்து இரண்டரையாக்கினால் துளைகளும் உள்ளே போகும் நூலும் குறையும். மெல்லிய நூல் இன்னும் உதவும். ஆனால் துணியின் நீளவாக்கில் போகும் தையலில் அது அறவே போகாது என்றார். கவுனின் பக்கத் தையல் கீழே போகப் போக அகலமாகிச் சற்றுச் சாய்வாகப் போவதால் அங்கே குறைவாகத் தெரியும். நேராகப் போகும் முன்பட்டியில்தான் கூடத் தெரியும். அயன் பண்ணினால் மறையும், கழுவினால் திரும்பும்.

உடற்பயிற்சி ரீசேட் போன்ற பின்னல் துணிகளில் தையல் விட்டால் இதே கணக்குச் சரிவராது. அந்தத் துணி ஊசியோடு சேர்ந்து மேலே எழும்பும், வளையம் உருவாக இடம் கொடுக்காது. அதற்கு உருண்டை முனை ஊசி என்று கேட்டு வாங்க வேண்டும். கூர்முனை இழையை அறுத்து ஓட்டையாக்கும். உருண்டை முனை இழைகளை விலக்கி நடுவே போகும்.

படத்தால் காண முடியாததும் உண்டு. சரியான வகை, சரியான நம்பர், புது ஊசி, சரியாக மாட்டியிருக்கிறது, ஆனாலும் வெறும் துளைகள் வந்தால், கொக்கியின் முனை தேய்ந்திருக்கும், அல்லது ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம் தவறியிருக்கும். அது மெசினைத் திறந்து பார்க்க வேண்டிய வேலை. வட்ஸ்அப்பில் யாராவது அந்தத் திருகைக் கழற்று, இந்தத் திருகைக் கழற்று என்று சொன்னால் கேட்க வேண்டாம் என்று அண்ணன் அக்காவுக்கு ஒரு குரல் பதிவும் அனுப்பினார்.

பதினான்கு கவுன்களையும் பிரித்துத் தைப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. பதினான்காம் நம்பர் ஊசி போட்ட பழைய துளைகள் வெள்ளைத் துணியில் வரிசையாகத் தெரிந்தன. பொலியெஸ்டர் கலந்த துணியில் துளை லேசில் மூடாது. அதனால் பழைய கோட்டிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் உள்ளே தள்ளிப் புதுத் தையல் போட்டார், துளைகள் உட்பக்க மடிப்புக்குள் போய்விட்டன. பக்கத் தையலில் இது முடிந்தது. மூன்று கவுன்களில் முன்பட்டியும் விட்டுவிட்டுத் தைத்திருந்ததால் அங்கே ஒதுக்க இடம் இருக்கவில்லை. பதினொன்றைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். மிச்ச மூன்றின் முன்பட்டியை மாற்றத் துணி வாங்கியிருப்பதாக அக்கா நேற்றுச் சொன்னார். தொழிற்சாலை ஊசிப் பக்கட்டை அயல்வீட்டுப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்கவில்லையாம். மனம் நோகும் என்று பெட்டிக்குள் வைத்திருக்கிறார், "மெசினுக்குப் போடாதே" என்று ஒரு துண்டில் எழுதி.